மஞ்சளேறிய கண்ணாடிக் கவரைச் சுத்தம் செய்வது எப்படி? எந்த மஞ்சள் போகும், எது போகாது?

வாங்கும்போது கண்ணாடி போலத் தெளிவாக இருந்த போன் கவர், சில மாதங்களில் தேன் நிறத்துக்கு வந்துவிடுகிறது. ஓரங்களில் கறுப்பாக ஒரு தூசிக் கோடு வேறு. பல் பேஸ்ட், சோடா உப்பு, வினிகர், பிளீச் என்று ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். எதையாவது எடுத்துத் தேய்ப்பதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கவரில் தெரிவது இரண்டு விதமான மஞ்சள். ஒன்று கவரின் மேல் ஒட்டியிருக்கிறது. இன்னொன்று கவரின் உடம்புக்குள்ளேயே உண்டானது. முதலாவது நன்றாகவே போகும், இரண்டாவது கழுவிப் போகாது. இது தெரியாமல் தேய்த்தால் மஞ்சள் அப்படியே இருக்க, பளபளப்பு மட்டும் போய்விடும்.

கவர் எதனால் ஆனது?

நாம் சிலிக்கான் கவர் என்று சொல்லும் கண்ணாடிக் கவர்களில் பெரும்பாலானவை உண்மையில் சிலிக்கான் அல்ல. டி.பி.யு. என்ற வளையும் பிளாஸ்டிக், பாலியூரித்தேன் வகையைச் சேர்ந்தது. பெட்டியின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அப்படித்தான் போட்டிருக்கும். உண்மையான சிலிக்கான் கவர் ரப்பர் போல மெத்தென்று, சற்று மங்கலாக இருக்கும், பெரும்பாலும் நிறம் கலந்தே வரும். கண்ணாடி போலப் பளபளப்பாக, வளைத்தால் விறைப்பாகத் திரும்பி நிற்கிறது என்றால் அது டி.பி.யு.

மலிவான டி.பி.யு. வகைகளின் மூலக்கூறில் வெயிலின் புற ஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து ஒரு மாற்றத்தை உண்டாக்குகின்றன. அந்த மாற்றத்தில் புதிதாக உருவாகும் பகுதிகள் நீல ஒளியை விழுங்கிவிடுவதால் மிச்ச ஒளி நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. போனிலிருந்து வரும் சூடு இந்த மாற்றத்தை விரைவாக்கும். புதுக் கவரைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் மிக லேசான நீலச் சாயல் தெரியும். மஞ்சளை மறைப்பதற்காகத் தயாரிப்பிலேயே ஒரு துளி நீலம் சேர்ப்பார்கள். மஞ்சள் அதை மிஞ்சியதும்தான் நம் கண்ணில் படுகிறது. அதனால்தான் ஒரே வாரத்தில் மஞ்சளாகிவிட்டது போலத் தோன்றும்.

இன்னொரு வகைக் கவரும் உண்டு. பின்பக்கம் கெட்டியான பாலிகார்பனேட் தகடு, சுற்றிலும் டி.பி.யு. விளிம்பு. இதில் முதுகு தெளிவாகவே இருக்க, ஓரம் மட்டும் மஞ்சளாகும். இரண்டும் சேரும் கோட்டில்தான் தூசி அதிகம் அடையும்.

எந்த மஞ்சள் என்று பார்ப்பது

கவரைப் போனிலிருந்து கழற்றுங்கள். மூலையிலிருந்து தொடங்கினால் எளிதாக வரும். பொத்தான் இருக்கும் பக்கத்தை இழுக்காதீர்கள், அங்கே கவர் மெல்லியது, கிழிந்துவிடும்.

கழற்றிய கவரை வெள்ளைத் தாள் ஒன்றின் மேல் வைத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், ஒரு படமும் எடுத்துவையுங்கள். கழுவிய பிறகு ஒப்பிட்டுப் பார்க்க உதவும். கண் பழகிவிடுவதால், படம் இல்லாமல் போனால் என்ன மாறியது என்றே சொல்ல முடியாது.

அடுத்து, காதுக்குப் பயன்படுத்தும் பஞ்சுக் குச்சி ஒன்றை எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்து, முதுகின் ஒரு ஓரத்தில் பத்து முறை தேயுங்கள். பஞ்சு மஞ்சளாகவோ பழுப்பாகவோ வந்து, தேய்த்த இடம் மட்டும் தெளிவாகத் தெரிந்தால் அது மேலே படிந்த அழுக்கு. கையின் எண்ணெய், வியர்வை, முகத்தில் தடவும் க்ரீம், மஞ்சள் பொடி, ஜீன்ஸின் நீலச் சாயம் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். பஞ்சு வெள்ளையாகவே இருந்து கவரும் அப்படியே இருந்தால் அது உள்மஞ்சள்.

கவரில் ஸ்டிக்கரோ விரல் வளையமோ ஒட்டியிருந்தால் அதைவிட நல்ல சாட்சி கிடையாது. என் தங்கையின் கவரில் ஒட்டியிருந்த வளையத்தை மெதுவாக எடுத்தபோது, அதன் கீழே வட்டமாக ஒரு இடம் ஏறக்குறைய புதிது போலவே இருந்தது. சுற்றிலும் தேன் நிறம். வெளிச்சம் படாத இடம் தப்பித்துவிட்டது, பட்ட இடம் மாறிவிட்டது. கழுவினால் அந்த வட்டம் மறைந்துவிடும் என்று அவள் நினைத்தாள். இல்லை, அது இருக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் கழுவவே தொடங்கினோம். கவரின் கீழ் ஓரத்தில் ஜீன்ஸ் நீலம் ஏறியிருந்தது, உள் விளிம்பு முழுக்கத் தூசி. இந்த இரண்டும் போகக்கூடியவை.

முதலில் தூசியை உலர்வாக எடுங்கள்

கவர் ஈரமாவதற்கு முன்பே தூசியை எடுத்துவிட வேண்டும். பலர் இதைத் தாண்டிப் போகிறார்கள். தண்ணீர் பட்டதும் தூசியும் எண்ணெயும் கலந்து சேறாகி, ஓரத்து மடிப்புக்குள் இன்னும் ஆழமாக இறங்கும். அதில் மணல் துகள் இருந்தால், தேய்க்கத் தேய்க்கக் கவரில் கோடு விழும்.

மென்மையான பழைய டூத் பிரஷ் போதும். கவரைக் கவிழ்த்துப் பிடித்து, உள்ளிருந்து வெளியே தள்ளுவது போலத் துலக்குங்கள். தூசி அடைவது எங்கே என்று தெரிந்தால் வேலை பாதியாகும்:

- திரையைச் சுற்றி உள்பக்கமாக வளைந்து நிற்கும் உதடு. இதன் அடியில் ஒரு மெல்லிய பள்ளம் ஓடும்.
- பொத்தான்களுக்கான குழிவு. வெளியே மேடாகத் தெரிவது உள்ளே கிண்ணம் போலக் குழிந்திருக்கும்.
- ஸ்பீக்கர் துளைகள், கயிறு கோக்கும் ஓட்டை, கேமராவைச் சுற்றிய விளிம்பு.
- அடி தாங்க மூலைகளில் விட்டிருக்கும் காற்றுப் பை.

உதட்டின் அடிப் பள்ளத்துக்குப் பிரஷ் முழுதாகப் போகாது. கவரின் ஒரு பக்கத்தைக் கட்டைவிரலால் வெளிப்புறமாக மெதுவாக விரித்தால் பள்ளம் திறந்துகொள்ளும். அப்போது மரத்தாலான பல்குத்தும் குச்சியின் முனையை அதில் வைத்து ஒரே திசையில் இழுங்கள். சாம்பல் நிறத்தில் நூல் போல ஒரு உருண்டை திரண்டு வரும். பஞ்சு நாரும் தோல் துகளும் எண்ணெயும் சேர்ந்ததுதான் அது. ஊசியோ பின்னோ வேண்டாம், இந்தப் பிளாஸ்டிக்கில் ஒருமுறை கீறல் விழுந்தால் அதற்குள் அழுக்கு நிரந்தரமாகக் குடியேறும். துளைகளுக்குப் பல்லிடுக்குப் பிரஷ் மிகவும் பொருத்தம், உள்ளே விட்டுச் சுழற்றினால் போதும்.

இந்த ஓரத் தூசியை நான் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் அழகு மட்டும் அல்ல. கவருக்கும் போனின் சட்டத்துக்கும் நடுவே சிக்கிய மணல் துகள், போன் பாக்கெட்டில் அசையும் ஒவ்வொரு முறையும் உரசுகிறது. கவர் போட்டே வைத்திருந்த போனின் மூலைகளில் பெயின்ட் தேய்ந்திருப்பது பெரும்பாலும் இதனால்தான்.

கழுவுவது

அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு டீஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம் கலந்துகொள்ளுங்கள். கை பொறுக்கும் சூடு போதும், ஏறக்குறைய 40 டிகிரி. கொதிக்கும் நீரில் போட்டால் கவர் இளகி வடிவம் மாறலாம். ஒரு மில்லிமீட்டர் விரிந்தாலும் பிறகு போனில் இறுக்கமாக உட்காராது.

கவரை 15 முதல் 20 நிமிடம் ஊறவிடுங்கள். இரவு முழுக்க ஊறவைப்பதில் கூடுதல் பலன் ஒன்றும் இல்லை. ஊறியதும் அதே பிரஷால் உள்ளும் புறமும் தேயுங்கள். முதுகுப் பரப்பில் சிறு வட்டங்களாக, அழுத்தாமல் தேய்க்க வேண்டும். ஓரங்களில் பிரஷைச் சாய்த்து, முடிகளின் முனை பள்ளத்துக்குள் போகும்படி நீளவாக்கில் ஓட்டுங்கள். பொத்தான் குழிவுகளில் பஞ்சுக் குச்சி வேலை செய்யும். பிறகு ஓடும் தண்ணீரில் அலசுங்கள். விரலால் தேய்த்தால் கிரீச் என்று சத்தம் வர வேண்டும். வழுக்கினால் எண்ணெயோ சோப்போ இன்னும் மிச்சம் இருக்கிறது.

இத்தோடு பெரும்பாலான மேல்மஞ்சள் போய்விடும். போகாத கறைகளுக்குத்தான் அடுத்த படி.

பிடிவாதமான கறைகளுக்கு

பேனா மை, ஜீன்ஸ் சாயம், ஸ்டிக்கர் பசை ஆகியவற்றுக்கு 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். பஞ்சில் நனைத்துக் கறையின் மேல் அரை நிமிடம் வைத்து, பிறகு துடைத்தெடுங்கள். கறை பஞ்சுக்கு மாறியதும் புதுப் பஞ்சு எடுக்க வேண்டும், இல்லையென்றால் எடுத்த சாயத்தையே திரும்பப் பூசுவோம். கவரை ஆல்கஹாலில் முக்கி வைக்கக் கூடாது, பிளாஸ்டிக் அதைக் குடித்து உப்பிப் போகும். தீ இல்லாத இடத்தில், ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

தங்கையின் கவரில் ஜீன்ஸ் நீலம் பாதிக்கு மேல் போனது, மீதி மெல்லிய நிழலாக நின்றுவிட்டது. சாயம் நீண்ட நாள் இருந்தால் பிளாஸ்டிக்குக்குள்ளேயே இறங்கிவிடும். பஞ்சில் நீலம் வருவது நின்ற பிறகும் தேய்ப்பதில் பயனில்லை, அங்கே நிறுத்திவிடலாம்.

மஞ்சள் பொடியின் கறைக்கு ஒரு தனி வழி உண்டு. அதன் நிறப்பொருளான குர்குமின் வெளிச்சத்தில் சிதைந்துவிடும். ஆல்கஹாலில் துடைத்த பிறகும் மஞ்சள் தெரிந்தால், ஜன்னலோரம் சில மணி நேரம் வைத்துப் பாருங்கள், மங்கிப்போகும். அதற்குமேல் வெயிலில் விடாதீர்கள். இந்தக் கறையை எடுக்கும் அதே வெளிச்சம்தான் கவரின் உள்மஞ்சளையும் வளர்க்கிறது.

சோடா உப்பு, அதாவது பேக்கிங் சோடா, மெல்லிய உராய்வுப் பொடியாக வேலை செய்யும். இரண்டு டீஸ்பூன் சோடாவுக்கு ஒரு டீஸ்பூன் தண்ணீர் விட்டுப் பசையாகக் குழைத்து, ஓரத்துப் பள்ளத்திலும் சொரசொரப்பான பக்கவாட்டிலும் மட்டும் விரலால் தடவித் தேயுங்கள். பளபளப்பான முதுகில் வேண்டாம், பார்வைக்குப் புகை படிந்தது போல ஆகிவிடும். பல் பேஸ்டும் அதே காரணத்துக்காகவே வேண்டாம், அதிலும் உராய்வுப் பொடி இருக்கிறது.

சோடாவையும் வினிகரையும் சேர்த்து ஊற்றினால் நுரை பொங்கும். பார்க்க வேலை நடப்பது போலத் தெரிந்தாலும், காரமும் அமிலமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு, கடைசியில் மிஞ்சுவது உப்புக் கரைசல்தான். வினிகரால் ஒரு சிறு உபயோகம் உண்டு. உப்புத் தண்ணீர் காய்ந்து விட்ட வெள்ளைத் திட்டுகளை அது கரைக்கும். மஞ்சளை அது தொடாது.

உள்மஞ்சளுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு

உள்மஞ்சளில் ஏதாவது மாற்றம் வரக் கொஞ்சமாவது வாய்ப்புள்ள பொருள் இது ஒன்றுதான். பழைய கணினிகளின் மஞ்சளேறிய பிளாஸ்டிக் கூடுகளை வெளுக்கச் சேகரிப்பாளர்கள் பயன்படுத்தும் முறை. ஆனால் அந்தக் கூடுகள் ஏ.பி.எஸ். என்ற வேறு பிளாஸ்டிக். டி.பி.யு.வில் அதே அளவு பலன் வராது. இளமஞ்சளாக இருந்தால் ஒரு படி குறையலாம். நல்ல தேன் நிறத்துக்குப் போயிருந்தால் இந்த முயற்சியே வேண்டாம் என்பேன்.

செய்து பார்ப்பதென்றால், முன்சொன்னபடி கவரைக் கழுவி எண்ணெய் இல்லாமல் ஆக்கிக்கொள்ளுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் 3 சதவீதக் கரைசலே போதும். கையுறை போட்டுக்கொண்டு, தட்டையான கண்ணாடிப் பாத்திரத்தில் கவர் முழுதும் மூழ்கும்வரை ஊற்றுங்கள். கவருக்கு அடியில் காற்றுக் குமிழி நின்றால் அந்த இடம் மட்டும் திட்டாக வேறுபடும், அதனால் குலுக்கிக் குமிழிகளை வெளியேற்றுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் தாளால் தளர்வாக மூடலாம். இறுக்கமாக மூடக் கூடாது, ஆக்சிஜன் வெளிவந்து அழுத்தம் ஏறும்.

பாத்திரத்தை வெயிலில் வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கவரைத் திருப்பி, வெள்ளைத் தாளில் வைத்து முதல் படத்தோடு ஒப்பிடுங்கள். மூன்று மணி நேரத்தில் மாற்றமே இல்லை என்றால் நிறுத்திவிடுங்கள். இங்கே ஒரு இக்கட்டு இருக்கிறது. பெராக்சைடை வேலை செய்ய வைக்கும் அதே புற ஊதாக் கதிர்தான் டி.பி.யு.வை மஞ்சளாக்குகிறது. அதிக நேரம் விட்டால் நாமே மஞ்சளை வளர்த்தது போலாகும். வெளுத்தாலும் அது நிலைக்காது, வெளிச்சம் படப்பட மஞ்சள் திரும்ப வரும்.

தங்கையின் கவருக்கு இதைச் செய்யவில்லை. வளையத்தின் வட்டம் அவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகு, பெராக்சைடு அந்த வித்தியாசத்தைச் சமன் செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது. ஓரம் சுத்தமானதே போதும் என்று அவளும் சொல்லிவிட்டாள்.

இவற்றைச் செய்யாதீர்கள்

பிளீச் வேண்டாம். அதிலுள்ள சோடியம் ஹைப்போகுளோரைட் பாலியூரித்தேனைத் தாக்கும். கவர் வெளுப்பதற்குப் பதில் இன்னும் மஞ்சளாகலாம், பிசுபிசுக்கலாம். பிளீச்சை வினிகரோடு கலந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வரும். ஆல்கஹாலோடும் பெராக்சைடோடும் கூட அதைச் சேர்க்கக் கூடாது. பெராக்சைடையும் வினிகரையும் ஒரே பாத்திரத்தில் கலக்கவும் கூடாது, அரிக்கும் அமிலம் உருவாகும். ஒரு படி முடிந்ததும் நன்றாக அலசிவிட்டுத்தான் அடுத்த பொருளைத் தொட வேண்டும்.

நகப்பூச்சு நீக்கியில் உள்ள அசிட்டோனும் அப்படித்தான். தொட்ட இடம் இளகி, ஒட்டும் பரப்பாக மாறி, காய்ந்ததும் வெண்மையாக மங்கிவிடும். அதைத் திரும்பச் சரிசெய்ய வழியில்லை.

உலர்த்திப் போடுவது

அலசிய கவரை உதறி, மென்மையான துணியால் ஒற்றி எடுங்கள். நூல் விடும் துண்டு வேண்டாம், இந்தப் பிளாஸ்டிக் நூலையும் தூசியையும் இழுத்து ஒட்டிக்கொள்ளும். பிறகு நிழலில், காற்று வரும் இடத்தில், திறந்த பக்கம் கீழ்நோக்கி இருக்கும்படி நிறுத்தி வையுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் தேவைப்படும். ஹேர் டிரையர் வேண்டாம்.

மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் பொத்தான் குழிவிலும் மூலைப் பைகளிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கும். டிஷ்யூத் தாளின் நுனியை முறுக்கி அங்கே நுழைத்துப் பாருங்கள், நனையாமல் வந்தால் சரி. ஈரத்தோடு போட்டால் போனின் முதுகுக்கும் கவருக்கும் நடுவே எண்ணெய் சிந்தியது போலத் திட்டுத் திட்டாகத் தெரியும். அது கறை அல்ல, கழற்றி உலர்த்தினால் போய்விடும். கவரின் உள்பக்கத்தில் ஊசிமுனை அளவு புள்ளிகள் வரிசையாக இருந்தால், அவை இந்தத் திட்டு வராமல் இருக்கவே வைக்கப்பட்டவை. அவற்றையும் அழுக்கென்று நினைத்துத் தேய்க்க வேண்டாம்.

கவர் காயும் நேரத்தில் போனையும் மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள், முக்கியமாக நான்கு ஓரங்களையும் கேமராவின் சுற்றையும். சார்ஜர் துளைக்குள் குச்சி எதையும் விடாதீர்கள், கவரின் ஓட்டையைச் சுத்தம் செய்த அதே கை அங்கேயும் போகப் பார்க்கும். போடும்போது பொத்தான் பக்கத்தை முதலில் பொருத்தி, பிறகு மற்றப் பக்கத்தை அழுத்துங்கள். உதடு சுற்றிலும் மடியாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பாருங்கள்.

ஓரத்துத் தூசியை வாரம் ஒருமுறை உலர் பிரஷால் துலக்கி, மாதம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் கழுவினால் மேல்மஞ்சள் சேராது. உள்மஞ்சளைத் தாமதப்படுத்த, போனை வெயில் விழும் ஜன்னலோரத்திலும் காரின் முன்கண்ணாடிக்குக் கீழேயும் வைக்காமல் இருந்தால் போதும். நன்றாகக் கழுவி உலர்த்திய பிறகும் கவர் கையில் பிசுபிசுவென்று ஒட்டினால், பிளாஸ்டிக்கே சிதையத் தொடங்கிவிட்டது. உதடு தளர்ந்து திரையின் ஓரத்தைப் பிடிக்காமல் விலகி நின்றாலும், மஞ்சள் குறைவாகவே இருந்தாலும் சரி, அந்தக் கவரை மாற்றிவிடுங்கள்.